வூஃபரின் Vas எண்ணிலிருந்து மூடிய பெட்டியின் அளவு வரை: ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு வூஃபரின் தரவுத்தாளை முதன்முதலாகப் பார்ப்பவர்கள், லிட்டரில் கொடுக்கப்பட்டிருக்கும் ஒரே எண்ணான Vas-ஐக் கண்டதும், அதுவே அந்த வூஃபருக்கு வேண்டிய பெட்டியின் அளவு என்று எடுத்துக்கொள்வதுண்டு. நானும் முதல் பெட்டியை அப்படித்தான் அறுத்தேன். தேவைக்கு இரண்டு மடங்குக்கும் மேலான மரம் அதில் போயிற்று. Vas பெட்டியின் அளவைத் தீர்மானிக்க உதவுகிறது என்பது உண்மை. ஆனால் அது தனியாக நின்று எதையும் தீர்மானிப்பதில்லை. கூம்பு தானாக அதிரும் அதிர்வெண்ணான Fs, அந்த அதிர்வு அடங்கும் விரைவைக் காட்டும் Qts ஆகிய இரண்டோடு சேர்ந்துதான் அது பேசும், அந்த மூன்றும் ஒரே வூஃபரில் ஒரே நேரத்தில் அளக்கப்பட்டவையாகவும் இருக்க வேண்டும். இந்த வழிகாட்டி துளையில்லாத மூடிய பெட்டியை மட்டும் எடுத்துக்கொள்கிறது. ஏனெனில் கூம்பைத் தாங்கும் பாகங்களின் நெகிழ்வுத்தன்மைக்கும் பெட்டியின் கொள்ளளவுக்கும் உள்ள உறவு அங்கேதான் மிகத் தெளிவாகத் தெரியும்.

இந்த எண்களுக்கு வழிவகுத்தவர்கள் ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய நெவில் தீல், ரிச்சர்ட் ஸ்மால் ஆகிய இரு பொறியாளர்கள். தீலின் ஆய்வு 1961-இல் வெளிவந்தது. மூடிய பெட்டியைப் பற்றிய ஸ்மாலின் கட்டுரைகள் 1972-இலும் 1973-இலும் வந்தன. தரவுத்தாள்களில் இன்று காணும் குறியீடுகளை அவர்கள் பெயரால் தீல்-ஸ்மால் அளவுகள் என்றே சொல்கிறோம்.

நெகிழ்வுத்தன்மையும் சமானக் கொள்ளளவும்

வூஃபரின் கூம்பு, விளிம்பில் உள்ள ரப்பர் அல்லது நுரை வளையத்தாலும், உள்ளே வாய்ஸ் காயிலைச் சுற்றியுள்ள நெளிவான துணித் தட்டாலும் தாங்கப்பட்டு நிற்கிறது. அந்தத் துணித் தட்டை ஸ்பைடர் என்பார்கள். இவை இரண்டும் சேர்ந்து ஒரு சுருள்வில்லைப் போல வேலை செய்கின்றன. ஒரு நியூட்டன் விசை கொடுத்தால் கூம்பு எத்தனை மில்லிமீட்டர் நகரும் என்பதே Cms எனப்படும் நெகிழ்வுத்தன்மை. அது பெரிதாக இருந்தால் தாங்கல் தளர்வானது, சிறிதாக இருந்தால் விறைப்பானது.

மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்றும் ஒரு வில்தான். கூம்பு உள்ளே போகும்போது காற்று அழுத்தப்பட்டு எதிர்த்துத் தள்ளுகிறது, வெளியே வரும்போது உள்ளிழுக்கிறது. பெட்டி சிறிதானால் அந்த வில் விறைப்பாகும், பெரிதானால் தளரும். அப்படியானால், தாங்கலின் விறைப்புக்குச் சரிசமமான விறைப்பைக் கொடுக்கும் காற்றின் அளவு எவ்வளவு என்று கேட்கலாம். அந்த அளவுதான் Vas, அதாவது சமானக் கொள்ளளவு.

```
Vas = 142000 × Sd² × Cms
```

இதில் Sd என்பது கூம்பின் பயன்படும் பரப்பு, சதுர மீட்டரில். Cms நியூட்டனுக்கு மீட்டரில். விடை கன மீட்டரில் வரும். முன்னால் நிற்கும் 142000 என்ற எண், காற்றழுத்தத்தை 1.4 ஆல் பெருக்கியதால் கிடைப்பது. பரப்பு இதில் இரண்டாம் அடுக்காக நிற்பதைக் கவனிக்க வேண்டும். Cms 0.5 மி.மீ. உள்ள 10 அங்குல வூஃபர் ஒன்றுக்குப் பரப்பு 330 சதுர செ.மீ. என்றால் Vas ஏறத்தாழ 77 லிட்டர். அதே தளர்வுடன் 215 சதுர செ.மீ. பரப்புள்ள 8 அங்குல வூஃபருக்கு அது 33 லிட்டராகச் சுருங்கிவிடும். தாங்கலின் தளர்வு மாறவே இல்லை. காற்றைத் தள்ளும் முகம்தான் சிறிதாயிற்று. ஆகவே நெகிழ்வுத்தன்மையை மட்டும் பார்த்து இரண்டு வூஃபர்களின் பெட்டிகளை ஒப்பிட முடியாது. Vas-ஐ வைத்துத்தான் ஒப்பிட முடியும்.

முதற்படி: தரவுத்தாள் தனக்குள் ஒத்துப்போகிறதா என்று பார்த்தல்

இனி ஒரே வூஃபரைக் கடைசி வரை எடுத்துச் செல்வோம். அது மேலே சொன்ன 10 அங்குல வகை. அதன் எண்கள் இவை: Fs 28 ஹெர்ட்ஸ், Qes 0.435, Qms 5, Qts 0.40, Vas 77 லிட்டர், Sd 330 சதுர செ.மீ., அசையும் நிறை Mms 64.6 கிராம், வாய்ஸ் காயிலின் நேர்மின் தடை Re 5.6 ஓம்.

Fs என்பது பெட்டியில்லாமல் வெட்டவெளியில் கூம்பு தானாக அதிர விரும்பும் அதிர்வெண். அசையும் நிறையும் தாங்கலின் தளர்வும் சேர்ந்து அதை நிர்ணயிக்கின்றன. Q என்ற எழுத்தில் தொடங்குபவை, அந்த அதிர்வு எவ்வளவு விரைவில் அடங்கும் என்பதைக் காட்டுபவை: எண் சிறிதானால் விரைவாக அடங்கும். காந்தமும் காயிலும் கொடுக்கும் அடக்கம் Qes, தாங்கலின் உராய்வு கொடுப்பது Qms, இரண்டும் சேர்ந்தது Qts.

மரத்தைத் தொடுமுன் செய்ய வேண்டிய சரிபார்ப்பு எளியது. Vas-இலிருந்தும் Sd-யிலிருந்தும் Cms-ஐக் கணக்கிட்டு, அந்த Cms-ஐயும் Mms-ஐயும் கீழே உள்ள வாய்ப்பாட்டில் இட்டால், தாளில் அச்சிட்ட Fs திரும்பி வர வேண்டும்.

```
Fs = 1 / (2π × √(Mms × Cms))
```

நம் வூஃபருக்கு 0.0646 கிலோகிராமையும் 0.0005-ஐயும் இட்டால் 28 ஹெர்ட்ஸ் வருகிறது. வேறுபாடு பத்து விழுக்காட்டைத் தாண்டினால், எண்களில் ஏதோ ஒன்று வேறு மாதிரியிலிருந்தோ பழைய பதிப்பிலிருந்தோ ஒட்டப்பட்டிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். Vas கன அடியில் கொடுக்கப்பட்டிருப்பதைக் கவனிக்காமல் விடுவதும் அடிக்கடி நேரும் பிழை. ஒரு கன அடி 28.3 லிட்டர்.

மூடிய பெட்டிக்கு இந்த வூஃபர் ஏற்றதா என்பதற்கு ஒரு தோராயமான வழி, Fs-ஐ Qes-ஆல் வகுப்பது. விடை 50-ஐ ஒட்டியோ குறைவாகவோ இருந்தால் மூடிய பெட்டியும், 100-ஐ ஒட்டியிருந்தால் துளையுள்ள பெட்டியும் பொருந்தும் என்பது வழக்கு. இங்கே 64 வருகிறது. அது 50-க்கே அருகில், ஆகவே மூடிய பெட்டி பொருந்தும்.

இரண்டாம் படி: எந்த Qtc வேண்டும் என்று முடிவு செய்தல்

வூஃபரைப் பெட்டியில் பொருத்தியதும் காற்றின் வில் தாங்கலின் வில்லோடு சேர்ந்துகொள்கிறது. மொத்த விறைப்பு கூடுகிறது. ஒத்ததிர்வு அதிர்வெண்ணும் Q-வும் ஒரே விகிதத்தில் உயர்கின்றன. பெட்டிக்குள் அவற்றின் பெயர் Fc, Qtc. பெட்டியின் கொள்ளளவை Vb என்று குறித்தால் உறவு இவ்வளவுதான்:

```
α   = Vas / Vb
Qtc = Qts × √(1 + α)
Fc  = Fs  × √(1 + α)
```

இதைத் திருப்பி எழுதினால், விரும்பிய Qtc-க்கு வேண்டிய பெட்டி கிடைக்கிறது:

```
Vb = Vas / ((Qtc / Qts)² − 1)
```

Qtc 0.707 என்றால் அதிர்வெண் வளைவு மேடில்லாமல் தட்டையாக வந்து பிறகு இறங்கும். 1-ஐ நெருங்கினால் இறங்குமுன் சிறிய மேடு ஒன்று எழும். 0.5 என்றால் முன்கூட்டியே, ஆனால் மெதுவாக இறங்கும்; அடித்த ஒலி துளியும் நீளாமல் அடங்கும். நம் வூஃபருக்கு இம்மூன்றையும் கணக்கிட்டுப் பார்ப்பது பயனுள்ளது.

Qtc 0.707-க்கு: 0.707-ஐ 0.40-ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் 3.124. ஒன்றைக் கழித்தால் 2.124. 77-ஐ அதனால் வகுத்தால் 36 லிட்டர். Fc 49.5 ஹெர்ட்ஸ், மூன்று டெசிபெல் குறையும் இடமும் அதே 49.5 ஹெர்ட்ஸ். Qtc 1-க்கு 14.7 லிட்டர் போதும். ஆனால் Fc 70 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும், ஏறத்தாழ 1.25 டெசிபெல் மேடு எழும், மூன்று டெசிபெல் குறையும் இடம் 55 ஹெர்ட்ஸ். Qtc 0.5-க்கு 137 லிட்டர் வேண்டும். Fc 35 ஹெர்ட்ஸ்.

இந்த மூன்றாவது பெட்டியில் மூன்று டெசிபெல் குறையும் இடம் எங்கே என்று கேட்டால் பலர் வியப்படைவார்கள். அது 54 ஹெர்ட்ஸ், அதாவது 36 லிட்டர் பெட்டியைவிட மேலே. 15 லிட்டர்கூட இல்லாத சிறிய பெட்டியினுடையதற்கு ஏறத்தாழச் சமம். ஒரு குறிப்பிட்ட வூஃபருக்கு அந்த எண் மிகக் கீழே போவது Qtc 0.7-ஐ ஒட்டிய பெட்டியில்தான். அதற்கு மேலும் பெட்டியைப் பெரிதாக்கினால் அடக்கம் கூடி, வளைவு முன்கூட்டியே சாயத் தொடங்குகிறது. ஆனாலும் 25 ஹெர்ட்ஸில் பார்த்தால் கதை வேறு: 137 லிட்டரில் குறைவு 9.4 டெசிபெல், 36 லிட்டரில் 12.1, 14.7 லிட்டரில் 17.4. ஆகவே மூன்று டெசிபெல் குறையும் இடம் என்று விளம்பரத்தில் வரும் ஒற்றை எண்ணைக் கொண்டு பெட்டிகளை ஒப்பிடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

பெரிய பெட்டிக்கு ஒரு விலையும் உண்டு. கூம்பைத் தாங்கும் மொத்தத் தளர்வு, Cms-ஐ 1 + α-வால் வகுத்தது. 36 லிட்டரில் அது தாங்கலின் தளர்வில் 32 விழுக்காடு, 137 லிட்டரில் 64 விழுக்காடு. மிகத் தாழ்ந்த அதிர்வெண்களில் அதே மின்னழுத்தத்துக்குக் கூம்பு இரண்டு மடங்கு தூரம் ஓடும். கூம்பு சீராக ஓடக்கூடிய தூரமான Xmax எல்லையைத் தாண்டும் அபாயம் பெரிய பெட்டியிலேயே முதலில் வரும். இடமிருக்கிறது என்பதற்காக மட்டும் பெட்டியைப் பெருக்க வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். நம் எடுத்துக்காட்டை 0.707-இலேயே நிறுத்திக்கொள்கிறேன்.

மூன்றாம் படி: எண்களில் உள்ள நிச்சயமின்மையை எடைபோடுதல்

இங்கேதான் பெரும்பாலான பிழைகள் பிறக்கின்றன. தாங்கலின் நெகிழ்வுத்தன்மை ஒரு நிலையான எண் அன்று. புதிய வூஃபர் விறைப்பாக இருக்கும். ஓட்டப்பட்ட பிறகு தளரும். ஒரே வகையைச் சேர்ந்த இரண்டு வூஃபர்களுக்கிடையேகூட வேறுபாடு இருக்கும். ஆகவே கையிலுள்ள வூஃபரை அளந்தால் Vas 77-க்குப் பதிலாக, இருபது விழுக்காடு குறைந்து 61.6 லிட்டர் என்று வரலாம்.

அப்போது Vas மட்டும் மாறுவதில்லை. தாங்கல் விறைத்தால் Fs ஏறும், Qts-ம் அதே விகிதத்தில் ஏறும். நம் வூஃபரில் Fs 31.3 ஹெர்ட்ஸாகவும் Qts 0.447 ஆகவும் மாறியிருக்கும். ஏற்கெனவே கட்டிய 36 லிட்டர் பெட்டியில் இதைப் பொருத்தினால் என்ன ஆகும்? α 1.70, Qtc 0.735, Fc 51.4 ஹெர்ட்ஸ். நெகிழ்வுத்தன்மை இருபது விழுக்காடு மாறியும், விளைவில் மாறியது நான்கு விழுக்காடு மட்டுமே. காரணம், இந்தப் பெட்டியில் கூம்பைப் பிடித்திருக்கும் விறைப்பில் மூன்றில் இரண்டு பங்கு காற்றினுடையது. தாங்கல் அதில் சிறிய பங்காளி. மிகத் தளர்வான தாங்கலைச் சிறிய பெட்டிக்குள் அடைத்து, காற்றையே முதன்மை வில்லாகக் கொள்ளும் முறையை 1954-இல் எட்கர் வில்ச்சர் AR-1 என்ற ஒலிபெருக்கியில் அறிமுகப்படுத்தியதற்கும் இதுவே அடிப்படை: காற்று பழசாவதில்லை.

இப்போது தவறான வழியைப் பாருங்கள். ஒருவர் தன் வூஃபரின் Vas-ஐ மட்டும் அளந்து 61.6 என்று கண்டு, Fs-ஐயும் Qts-ஐயும் தாளிலிருந்தே எடுத்துக்கொண்டால், வாய்ப்பாடு 29 லிட்டர் என்று சொல்லும். மூன்றையும் அளந்து பயன்படுத்தியிருந்தால் அதே வாய்ப்பாடு 41 லிட்டர் என்று சொல்லியிருக்கும். Vas குறைந்தால் பெட்டியும் குறையும் என்று மனம் நினைக்கிறது. உண்மையில் சற்றுப் பெரிய பெட்டிதான் தேவைப்படுகிறது. அதனால் மூன்றையும் தாளிலிருந்தே எடுங்கள், அல்லது மூன்றையும் அளந்தே எடுங்கள். கலக்க மட்டும் வேண்டாம்.

நெகிழ்வுத்தன்மையைவிடப் பெட்டியின் அளவை அதிகம் அசைக்கும் ஒன்று, பலர் கண்ணில் படாமலே போகிறது. தாழ்ந்த ஒலிகளை மட்டும் வூஃபருக்குப் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவரில் உள்ள காயிலின் தடை அது. அது 0.5 ஓம் என்றால், Qes 6.1-க்கு 5.6 என்ற விகிதத்தில் ஏறி 0.474 ஆகும், Qts 0.433 ஆகும். இந்த எண்ணை வைத்து 0.707-க்குப் பெட்டியைக் கணக்கிட்டால் 46 லிட்டர் வருகிறது. அரை ஓம் தடைக்குப் பத்து லிட்டர். ஆம்ப்ளிஃபயர் நேரடியாக வூஃபரை ஓட்டும் அமைப்பில் இந்தக் கவலை ஏறக்குறைய இல்லை. அப்படிப்பட்ட அமைப்பு என்றே வைத்து 36 லிட்டரோடு தொடர்கிறேன்.

நான்காம் படி: கணக்கிலிருந்து மரத்துக்கு

வாய்ப்பாடு சொல்லும் 36 லிட்டர், காற்றுக்கு மீதமிருக்க வேண்டிய இடம். வூஃபரின் காந்தமும் கூடையும் ஏறத்தாழ 2 லிட்டரை எடுத்துக்கொள்ளும். உள்ளே வைக்கும் தாங்குகட்டைகளும் முட்டுப்பலகைகளும் 1.5 லிட்டரை எடுத்துக்கொள்ளலாம். ஆகவே உள்ளளவு 40 லிட்டர் என்று கொள்வோம். உள்ளே 30 செ.மீ. அகலம், 33 செ.மீ. ஆழம், 40.4 செ.மீ. உயரம் வைத்தால் அது கிடைக்கிறது. 18 மி.மீ. பலகை என்றால் வெளியளவு 33.6, 36.6, 44 செ.மீ. ஆகும். உள்ளளவுக்கும் வெளியளவுக்கும் உள்ள இந்த வேறுபாட்டை மறந்து அறுத்தால் கால்வாசிக்கும் மேல் கொள்ளளவு போய்விடும்.

பெட்டிக்குள் பாலியெஸ்டர் பஞ்சு நிரப்பினால், காற்று அழுத்தப்படும்போது எழும் வெப்பத்தை இழைகள் வாங்கிக்கொள்கின்றன. காற்றின் வில் சற்றுத் தளர்கிறது. பெட்டி பெரிதானது போல நடந்துகொள்கிறது. கோட்பாட்டளவில் இந்த ஆதாயத்தின் உச்சம் 1.4 மடங்கு. நடைமுறையில் பத்து முதல் இருபது விழுக்காட்டுக்கு மேல் எதிர்பார்ப்பது சரியன்று. பஞ்சைக் கணக்கில் சேர்த்து முதலிலேயே பெட்டியைச் சுருக்காமல், கடைசித் திருத்தத்துக்கு என்று அதை ஒதுக்கி வைப்பது நல்லது. திணித்து அடைத்தால் பஞ்சே இடத்தை எடுத்துக்கொண்டு பலனைத் தின்றுவிடும்.

ஒரே பெட்டியில் இரண்டு வூஃபர்கள் என்றால் Vas-ஐ இரட்டிப்பாக்க வேண்டும், பெட்டியும் இரட்டிக்கும்.

ஐந்தாம் படி: கட்டியதை அளந்து பார்த்தல்

வூஃபரைப் பொருத்தி, தெரிந்த தடை ஒன்றைத் தொடராக இணைத்து, கணினியின் ஒலி அட்டை வழியாக மின்மறுப்பு வளைவை எடுக்கலாம். மூடிய பெட்டியில் ஒரே ஒரு சிகரம் தெரிய வேண்டும். சிகரம் நிற்கும் அதிர்வெண்தான் Fc. சிகரத்தின் மின்மறுப்பை Re-ஆல் வகுத்தால் ஒரு விகிதம் கிடைக்கும். அதை r என்போம். r-இன் வர்க்கமூலத்தை Re-ஆல் பெருக்கி, அந்த மின்மறுப்பு சிகரத்தின் இருபுறமும் எந்த அதிர்வெண்களில் வருகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். அவை f1, f2.

```
Qmc = Fc × √r / (f2 − f1)
Qtc = Qmc / r
```

நம் பெட்டியில் சிகரம் 49.5 ஹெர்ட்ஸில் 50 ஓம் என்று வந்ததாகக் கொள்வோம். r 8.93, அதன் வர்க்கமூலம் 2.99; பக்க மின்மறுப்பு 16.7 ஓம். அது 38.9 ஹெர்ட்ஸிலும் 63.1 ஹெர்ட்ஸிலும் வந்தால் Qmc 6.1, Qtc 0.68. எதிர்பார்த்த 0.707-ஐவிடச் சற்றுக் குறைவாக வருவதற்குக் காரணம் பெட்டியிலும் பஞ்சிலும் ஏற்படும் இழப்பு. அது நல்லதே; திருத்தம் எதுவும் தேவையில்லை.

சிகரம் குட்டையாகவும் அகலமாகவும் இருந்து, Fc மட்டும் ஏறத்தாழச் சரியாக இருந்தால், காற்று எங்கோ கசிகிறது. கூம்பைக் கையால் மெல்ல உள்ளே தள்ளிப் பிடித்திருந்து விட்டால், காற்றுப்புகாத பெட்டியில் அது பிடித்திருந்த வரை எதிர்த்து நிற்கும். கசியும் பெட்டியில் அந்த எதிர்ப்பு கைக்குக் கீழே கரைந்துபோகும். 20 ஹெர்ட்ஸ் ஒலியை ஓட்டினால் வூஃபரின் விளிம்புத் திண்டிலோ கம்பி நுழையும் இடத்திலோ சீறும் சத்தம் காட்டிக்கொடுக்கும்.

Fc உயர்ந்து, எடுத்துக்காட்டாக 52 ஹெர்ட்ஸ் என்று வந்தால், உடனே பெட்டி சிறிதாகிவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். 28 ஹெர்ட்ஸை வைத்துக் கணக்கிட்டால் பெட்டி 31 லிட்டர்தான் என்று எண்கள் சொல்லும். ஆனால் மேலே பார்த்தபடி, விறைத்த வூஃபரும் சரியான 36 லிட்டர் பெட்டியில் 51.4 ஹெர்ட்ஸைக் காட்டும். வூஃபரைக் கழற்றி வெட்டவெளியில் Fs-ஐ அளந்தால் இரண்டில் எது என்று தெரிந்துவிடும். Fs 31-ஐ ஒட்டி வந்தால் பெட்டியில் குறையில்லை. சில நாள்கள் ஓட்டிவிட்டு மீண்டும் அளக்கலாம். Fs 28-ஆகவே வந்தால் பெட்டிதான் சிறியது. அப்போதுதான் ஒதுக்கி வைத்த பஞ்சை எடுக்க வேண்டும். மாறாகப் பெட்டி பெரிதாகிப்போயிருந்தால் உள்ளே மரக்கட்டைகளை ஒட்டி லிட்டர் கணக்கில் குறைத்துக்கொள்ளலாம். இதனால்தான் அறுக்கும்போது ஒரு லிட்டர் கூடுதலாகவே விட்டுவைக்கிறேன்.